‘உருவகம் வந்துள்ளது’ என்று எழுதியும் புள்ளி வரவில்லையா? உரைநடைப் பகுதியில் அணிகளைப் பிடிக்கும்போது நேரும் பிழைகளும் திருத்தமும்

திருகோணமலையில் தரம் 11 பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். உரைநடைப் பகுதியைக் கொடுத்து அதிலுள்ள உருவகம், ஆளுருவாக்கம், முரண்நகை ஆகியவற்றை இனங்காட்டி விளக்கச் சொன்னால் பிழைகள் ஏறக்குறைய எப்போதும் அதே நான்கைந்துதான். பிள்ளைகளுக்கு வரைவிலக்கணம் தெரியாமல் இல்லை, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பகுதிக்குள் இறங்கியதும்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே வரைவிலக்கணத்திலிருந்து தொடங்காமல், விடைத்தாளில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

பயிற்சிக்கு நானே எழுதிய ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை அந்த நீரைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: பாதை என்று நாங்கள் சொல்வது தெருவை அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் தட்டையான மிதவைக்கு அதுதான் பெயர். கீழே வரும் ஊரும் மனிதரும் கற்பனை. வசதிக்காக வாக்கியங்களுக்கு எண் இட்டிருக்கிறேன்.

(1) பாலம் திறப்பதற்கு முதல்நாள் இரவு பாதைக்காரர் துறையில்தான் படுத்திருந்தார். (2) களப்பு மூச்சுவிடாமல் கிடந்தது. (3) முப்பது வருடமாக அவர் இழுத்த கயிறு, இரண்டு கரைக்கும் நடுவே கிடந்த ஒரே நரம்பு. (4) அதன் வழியாகத்தான் ஊருக்குள் அரிசியும் மருந்தும் மாப்பிள்ளைமாரும் வந்து சேர்ந்தார்கள். (5) விடிந்ததும் மேடை கட்டினார்கள். (6) மேடைக்குரிய பலகை, கதிரை, வாழைமரம் எல்லாவற்றையும் அக்கரையிலிருந்து அவரே ஏற்றிவந்து இறக்கினார். (7) கூலி கேட்கவில்லை. (8) “ஊருக்கு நல்ல காரியம்” என்றார். (9) பேச வந்தவர், “இனி யாரும் துறையில் காத்திருக்க வேண்டியதில்லை” என்றார். (10) எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். (11) பின்னேரம் பாலத்தின் மேல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. (12) துறையில் பாதை, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது.

அறிகுறி: ‘போல’ இல்லை, ஆகவே உருவகம் என்று எழுதியிருக்கிறீர்கள்

வகுப்பில் அதிகம் காணும் பிழை இது. ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று சிறு வயதில் படித்தது இங்கே காலை வாரிவிடுகிறது. “மழை வரும்போல இருக்கிறது” என்பதில் ‘போல’ இருக்கிறது, ஆனால் உவமை இல்லை. வானத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னதுதான் அது. மறுபக்கம், ‘மலர்முகம்’ என்பதில் ‘போல’ கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அது உவமைதான். மலர் போன்ற முகம் என்பதில் ‘போன்ற’ தொக்கி நிற்கிறது. அதையே திருப்பி ‘முகமலர்’ என்று சொன்னால் முகமே மலர் ஆகிவிடுகிறது. உருவகம் அங்கேதான் பிறக்கிறது. உவமைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவதே உருவகம் என்று தண்டியலங்காரம் சொல்வதும் இதைத்தான். ஒரு சொல் விடுபட்டதா என்பதல்ல கேள்வி, இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிட்டனவா என்பதே கேள்வி.

இன்றைய உரைநடையில் ‘முகமலர்’ போன்ற தொகைகள் அதிகம் வருவதில்லை. உருவகம் பெரும்பாலும் வாக்கியம் (3) இல் உள்ளதுபோல வரும். “கயிறு… ஒரே நரம்பு.” அங்கே வினைமுற்றே இல்லை. தமிழில் பெயரே பயனிலையாக நிற்கலாம் என்பதால் இந்த வகை உருவகம் சாதாரணத் தகவல் வாக்கியம் போலத் தோன்றிக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ‘கயிறு தேங்காய் நார்’ என்பதற்கும் ‘கயிறு நரம்பு’ என்பதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. முதலாவது உண்மையாக இருக்க முடியும், இரண்டாவது சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்க முடியாது.

திருத்தும் வழி ஒன்றே. சந்தேகமான வாக்கியத்துக்குப் பக்கத்தில், பென்சிலால், அதே செய்தியை அணி எதுவும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். இதை நான் வெற்று வாக்கியம் என்பேன். “முப்பது வருடமாக அவர் இழுத்த கயிற்றால்தான் பாதை இரண்டு கரைக்கும் போய்வந்தது.” இப்போது இரண்டையும் அருகருகே வைத்து, எது போய்விட்டது என்று கேளுங்கள். உடம்பு போய்விட்டது. நரம்பு என்றதும் இரண்டு கரைகளும் ஒரே உடலின் உறுப்புகளாகியிருந்தன. வெற்று வாக்கியத்தில் அவை மறுபடியும் இரண்டு கரைகளாகிவிட்டன. ஏதாவது போய்விட்டால் அங்கே அணி இருக்கிறது. போனது எதுவோ அதுதான் அதன் பயன். இனங்காணவும் விளக்கவும் தனித்தனி முறை தேட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தச் சோதனையை வற்புறுத்துகிறேன்.

அறிகுறி: உருவகத்தைப் பிடித்துவிட்டீர்கள், ஆனால் விளக்கம் பகுதியை விட்டு ஓடிவிட்டது

ஒரு மாணவி எழுதினாள்: “நரம்பு அறுந்தால் உடல் இறந்துவிடும். அதுபோலப் பாதை நின்றதால் ஊர் அழிந்துவிட்டது என்று ஆசிரியர் காட்டுகிறார்.” கூர்மையான பிள்ளை. உருவகத்தை வரைவிலக்கணத்தோடு விட்டுவிடாமல் மேலே சிந்தித்திருக்கிறாள். ஆனால் பகுதியில் ஊர் அழியவில்லை. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன.

நரம்புக்குப் பல குணங்கள் உண்டு. மெல்லியது, உள்ளே மறைந்திருப்பது, வலிக்கக்கூடியது, எதையோ கொண்டுசெல்வது, அறுந்தால் ஆபத்து. இவற்றில் எது கயிற்றுக்கு மாற்றப்பட்டது என்பதை நம் கற்பனை தீர்மானிக்கக் கூடாது, அக்கம்பக்கத்து வாக்கியங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வாக்கியம் (4) “அதன் வழியாகத்தான்” என்று தொடங்குகிறது. ஆகவே, கொண்டுசெல்லும் குணம் மாற்றப்பட்டிருக்கிறது. (3) இலேயே ‘ஒரே’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே, வேறு வழி இல்லை என்பதும் மாற்றப்பட்டிருக்கிறது. அறுந்துபோவதைப் பற்றி எந்த வாக்கியமும் பேசவில்லை. அதனால் அதை எழுதக் கூடாது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு குணத்துக்கும் பகுதியிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அழித்துவிடுங்கள்.

விஞ்ஞானத்தில் கெட்டிக்காரனான ஒரு பையன் எழுந்து, “நரம்பில் இரத்தம் ஓடாது, ரீச்சர். அரிசியும் மருந்தும் வந்தன என்றால் நாளம் என்றுதானே இருக்க வேண்டும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. பாடநூலில் நரம்பும் நாளமும் வேறுதான். ஆனால் ஊசி போடும்போது கையில் ‘நரம்பு’ தேடுவதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் இரண்டையும் குறிக்கும். கதைசொல்லி ஊரின் வாயால் பேசுகிறார், ஆகவே சொல்லையும் ஊர்ப் பொருளில்தான் எடுக்க வேண்டும்.

அந்த ‘ஒரே’ என்ற சொல்லை இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். முதல்நாள் இரவு அது உண்மை. வாக்கியம் (11) இல் பஸ்கள் ஓடத் தொடங்கியதும் அது பொய்யாகிவிடுகிறது. ‘இனி அவர் தேவையில்லை’ என்று கதைசொல்லி எங்கும் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல் காலாவதியாவதை நாமே காண விடுகிறார். விடையில் இதை எழுதிய பிள்ளைக்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் ஆளுருவாக்கமாகத் தெரிகிறது

உயிரற்றதற்கு மனிதச் செயலை ஏற்றினால் ஆளுருவாக்கம். சிலர் மனிதப்பண்பேற்றம் என்பார்கள். இதைப் படித்த மறுநாளே ‘காற்று வீசியது’, ‘நேரம் ஓடியது’, ‘வெயில் அடித்தது’ எல்லாவற்றுக்கும் கீழே கோடு விழத் தொடங்கிவிடும். கச்சான் காற்று இங்கே ‘அடிக்கும்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதைச் சொல்ல வேறு சொல் வாயில் வராது. எப்போதோ உருவகமாக இருந்து, இன்று வழக்காகிவிட்ட சொல் அது. வெற்று வாக்கியம் எழுதப் பாருங்கள்: ‘கச்சான் அடித்தது’ என்பதற்கு வெற்று வாக்கியமும் ‘கச்சான் அடித்தது’ என்றுதான் வரும். எதுவும் போகவில்லை, ஆகவே எழுத ஒன்றுமில்லை. ‘கச்சான் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு குடமாக எட்டிப் பார்த்தது’ என்றால் கதை வேறு. எட்டிப் பார்க்க ஒரு நோக்கம் வேண்டும்.

நோக்கம், எதிர்பார்ப்பு, மனநிலை ஆகியவற்றில் ஒன்றாவது அந்த வினைக்குள் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு எங்கள் ஊரில் ஓர் எல்லைக்கல் கண்ணெதிரே நிற்கிறது. பிரட்றிக் கோட்டையின் மான்கள் நகருக்குள்ளும் திரியும். ‘சோற்றுப் பொதியைப் பிரிக்கும் வரை மான் காத்திருந்தது’ என்று ஒருவர் எழுதினால் அது ஆளுருவாக்கம் அல்ல. மான் உண்மையாகவே காத்திருக்கும். ‘பாதை காத்திருந்தது’ என்றால் ஆளுருவாக்கம். மிதவையால் காத்திருக்க முடியாது. வினை ஒன்றுதான், எழுவாய்தான் தீர்ப்பை மாற்றுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ‘காத்திருந்தது’ என்பது அஃறிணை விகுதியோடு முடிவதால், அது ஆளுருவாக்கம் இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ‘கடலம்மா கோபித்துக்கொண்டாள்’ என்று உயர்திணைக்கு மாறினால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. விகுதியைப் பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். அஃறிணைப் பொருள்கள் கேட்பதுபோலவும் பேசுவதுபோலவும் செய்வதுபோலவும் சொல்லப்படலாம் என்று நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இன்றைய கதையாசிரியர்கள் பெரும்பாலும் விகுதியை அப்படியே விட்டுவிட்டு வினையை மட்டும் மனிதரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

தற்குறிப்பேற்றத்தோடு குழப்பிக்கொள்பவர்களுக்காக ஒரு சொல். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை ‘வராதே’ என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ சொல்கிறார். கொடி அசைவது இயல்பாக நடப்பது. அதற்கு ஒரு காரணத்தைப் புலவர் தாமே ஏற்றுகிறார். அது தற்குறிப்பேற்றம். வாக்கியம் (12) இல் இயல்பாக நடக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் காரணம் கற்பிக்கப்படவில்லை. சும்மா நிற்கும் ஒரு பொருளுக்கு மனம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

வாக்கியம் (2), ‘களப்பு மூச்சுவிடாமல் கிடந்தது’, ஆளுருவாக்கம்தான். அலையில்லாத நீர் என்பது வெற்று வாக்கியம். போனது ஒரு பதற்றம், நாளை என்ன நடக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை. ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் (12) ஐயே எடுங்கள். காரணம் கீழே வருகிறது.

அறிகுறி: முரண்நகையைத் தவறான வாயில் தேடுகிறீர்கள்

என் அனுபவத்தில் பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான். “ஊருக்கு நல்ல காரியம்” என்ற பாதைக்காரரின் சொல்லை எடுத்து, “இது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல இகழ்கிறார்” என்று எழுதுகிறார்கள். முரண்நகை என்றால் யாரோ ஒருவர் குத்தலாகப் பேச வேண்டும் என்ற எண்ணமே காரணம்.

குத்தலாகப் பேசுவது முரண்நகையின் ஒரு வகை. ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்த பஸ்ஸைப் பார்த்து “இவ்வளவு வேளைக்கு வந்துவிட்டீர்களே” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லுக்கும் கருத்துக்கும் இடையே முரண் இருக்கிறது; அது அவருக்கே தெரியும். பாதைக்காரரிடம் அப்படி எதுவும் இல்லை. உண்மையில் அவர் ஏளனம் செய்கிறாரா என்று சோதிக்க, அவர் பேச்சை விட்டுவிட்டு அவர் செய்ததைப் பாருங்கள். வாக்கியம் (7): கூலி கேட்கவில்லை. மனத்தில் கசப்பை வைத்துக்கொண்டு ஏளனம் பேசுபவர் கூலியை விட்டுக்கொடுக்க மாட்டார். (10): அவரும் கைதட்டினார். சொல்லும் செயலும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆகவே அவர் மனமாரச் சொல்கிறார். மேடையில் பேசியவரும் மனமாரத்தான் சொல்கிறார். ஊரார் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை.

அப்படியானால் முரண்நகை எங்கே? பேசுபவர் எவர் வாயிலும் இல்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: பாத்திரத்துக்குத் தெரியாத, அல்லது அவர் சொல்லாத எதை வாசகர் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து அறிந்துகொள்கிறார்? (6) ஐயும் (11) ஐயும் சேருங்கள். தன் தொழிலை முடித்துவைக்கும் விழாவுக்கான பலகையை, அந்தத் தொழிலைச் செய்தே அவர் கொண்டுவருகிறார். (9) ஐயும் (12) ஐயும் சேருங்கள். “இனி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை” என்ற அன்றே துறையில் ஒன்று காத்திருக்கத் தொடங்குகிறது. ‘காத்திரு’ என்ற ஒரே வினை இரண்டு இடத்திலும் வருவது தற்செயல் அல்ல. உரைநடையில் சூழல் முரண்நகை மறைந்திருக்கும் இடம் பெரும்பாலும் இப்படித் திரும்பி வரும் ஒரு சொல்தான். பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது இருமுறை வந்த சொற்களுக்குக் கீழே கோடிட்டுப் பாருங்கள்.

முரணாக இருப்பதெல்லாம் முரண்நகை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவு துறை அமைதியாக இருந்தது, காலை ஆரவாரமாக இருந்தது என்றால் அது வெறும் வேறுபாடு. விழா நாளில் மழை பெய்திருந்தால் அது துரதிர்ஷ்டம். எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையே, அந்த எதிர்பார்ப்பே விளைவைத் தலைகீழாக்கிக் காட்டும் உறவு இருக்க வேண்டும். பாதைக்காரர் உதவியது அவருக்கே எதிராகத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் இல்லாத இடத்தில் முரண்நகை என்று எழுதாதீர்கள்.

அறிகுறி: ‘வாசகர் மனத்தைக் கவர்கிறது’ என்று முடித்திருக்கிறீர்கள்

இந்த வாக்கியத்தை வேறெந்தப் பகுதிக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். ‘காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது’, ‘நடைக்கு அழகு சேர்க்கிறது’ என்பவையும் அப்படித்தான். விடை எழுதியபின், வினாத்தாளை மறைத்துவிட்டு விடையை மட்டும் நண்பரிடம் கொடுங்கள். எந்தப் பகுதியைப் பற்றியது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்த விடையில் விளக்கம் இல்லை.

வெற்று வாக்கியத்தை மறுபடி எடுங்கள். (12) க்கு அது, “பாதை துறையில் கட்டிக் கிடந்தது, கயிறு அதன் மேல் கிடந்தது.” போனது என்ன? மடி போய்விட்டது, முதியவர் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் கோலம் போய்விட்டது. யாராவது கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டது. இப்போது அடுத்த கேள்வி: அந்தக் கோலமும் நம்பிக்கையும் பகுதியில் யாருக்கு உரியவை? பாதைக்காரருக்கு. ஆனால் அவர் (10) இல் கைதட்டியதோடு பகுதியிலிருந்து மறைந்துவிடுகிறார். அதற்குப் பின் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் துக்கத்தைக் கதைசொல்லி அவர்மேல் வைக்காமல் மிதவைமேல் வைக்கிறார். விழாவுக்கு வந்து கைதட்டிய மனிதரை அழவைத்தால் அவர் பெருந்தன்மை கெட்டுவிடும். மரமும் இரும்பும் ஏங்கினால் கெடாது. (2) ஐ விட்டுவிட்டு (12) ஐ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒன்று சூழலைக் காட்டுகிறது, மற்றது கதையின் பாரத்தையே சுமக்கிறது.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு அணிகள், எதை எழுதுவது?

(12) இல் ஆளுருவாக்கமும் இருக்கிறது, (9) உடன் சேர்ந்து வரும் முரண்நகையும் இருக்கிறது. பயப்பட வேண்டாம். ஒன்று மற்றதை எப்படிச் சாத்தியமாக்குகிறது என்று எழுதுங்கள். ‘நரம்பு அறுந்தால் ஊர் அழியும்’ என்று முதலில் எழுதிய அதே மாணவி, மூன்றாம் முறை இப்படி எழுதிக்கொண்டுவந்தாள்:

“‘காத்திருந்தது’ என்னும் மனிதச் செயல் பாதைக்கு ஏற்றப்பட்டிருப்பதால் இது ஆளுருவாக்கம். கயிற்றை மடியில் வைத்திருப்பதாகச் சொல்வதால், வேலை இழந்தவர் தன் கருவியோடு உட்கார்ந்திருக்கும் தோற்றம் வருகிறது. இது பாதைக்காரரின் நிலை. ஆனால் அவர் கைதட்டியவர் என்பதால் தன் நிலையைத் தானே சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாகப் பாதை காத்திருக்கிறது. இனி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்று மேடையில் சொன்னபோது பாதைக்கு மனம் இருக்கவில்லை, அதனால் அந்தச் சொல் உண்மையாக இருந்தது. கடைசி வாக்கியத்தில் ஆசிரியர் பாதைக்கு மனம் கொடுத்ததும் அதே சொல் பொய்யாகிறது. முரண்நகை அங்கே பிறக்கிறது.”